வெள்ளையா ஒண்ணு தெரியுது

இந்த தடவை ப்ளேஸ்மென்ட் கதை இல்ல, ஹாஸ்டல் சாம்பார் கதையும் இல்ல. நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி எழுதுறேன். நாளைக்கு உங்க ஃபோனுக்கும் அதே மாதிரி ஒரு படம் வரலாம், அதனால.

போன செமஸ்டர், ஒரு சனிக்கிழமை ராத்திரி. மெஸ்ஸில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அனுப்பினது காஞ்சிபுரத்திலிருந்து என் அண்ணன், பெரியப்பா மகன். ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை ரெண்டு கையால் தூக்கி, வீட்டு ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு எடுத்த படம். ஓரத்தில் அண்ணி விரல் கூட தெரிஞ்சுது. கீழே ஒரு வரி: "அப்பாவோட நெஞ்சு எக்ஸ்ரே. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். நீ இன்ஜினியரிங்தானே, பார்த்து சொல்லு."

பெரியப்பாவுக்கு ரெண்டு மாசமா இருமல். வயசு அறுபதை நெருங்குது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே தறி வெச்சு பட்டு நெய்யிறவர்.

நான் ஈ.சி.ஈ. இமேஜ் ப்ராசஸிங் எலெக்டிவ் எடுத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். நெட்டில் நாலு பக்கம் படிச்சேன். அரை மணி நேரத்தில் ஃபோன் போட்டு, ரொம்ப தெரிஞ்சவன் மாதிரி சொன்னேன்: "இடது பக்கம் மேல கன்சாலிடேஷன் இருக்கு. கீழயும் ஒரு ஒபாசிட்டி. ஹார்ட் கொஞ்சம் என்லார்ஜ்டு. டிபி மாதிரிதான் இருக்கு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தாங்க போல. பெரியம்மா குரல் கேட்டுது. "கன்சாலி... அப்படின்னா என்னடா?" எனக்குப் பதில் தெரியல. முழுக்க இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். தமிழில் என்ன வார்த்தைன்னு தெரியல என்பது ஒரு பக்கம். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கே எனக்கு அர்த்தம் தெரியாது என்பதுதான் உண்மை. "அதாவது டிபி, பெரியம்மா"ன்னு முடிச்சுட்டேன்.

அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனப்போதான் பார்த்தேன். பெரியப்பாவுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. படுக்கை தறி ரூமுக்குப் போயாச்சு. பேத்தி ஓடி வந்தா அவரே கையை ஆட்டி "வராத, வராத"ன்னு தள்ளி உட்கார்றார். தறி நின்னு போயிருந்தது. கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர். ரெண்டையும் ஊடு இழையில் கோத்துக்கிட்டே போகணும். பார்டர் பக்க நாடாவை வாங்கிப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காரணும். அதுக்கு வர்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கு விஷயம் தெரிஞ்சு, அவங்க வரல. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய புடவை பாவில் பாதியில் நிக்குது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். நெஞ்சக நோய் டாக்டர் பொறுமையான மனுஷன். ஃபிலிமை வெள்ளை விளக்குப் பெட்டியில் மாட்டிட்டு, "யாரு டிபின்னு சொன்னது?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

திட்டுவார்னு நினைச்சேன். அவர் எழுந்து என்னைப் பெட்டி முன்னாடி நிக்க வெச்சார். "சரி தம்பி, இப்ப சொல்லு. என்ன தெரியுது? ஒரே கண்டிஷன். வியாதி பேர் எதுவும் வரக் கூடாது. உங்க பெரியம்மாவுக்குப் புரியற தமிழ்ல சொல்லணும்."

அடுத்த பத்து நிமிஷம் அவர் என்னைப் பார்க்க வெச்ச வரிசை இது.

முதல்ல, யார் பக்கம் எது. ஃபிலிம் மூலையில் "ஆர்"னு ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். வலதுன்னு அர்த்தம். அது என் இடது கை பக்கம் இருந்தது. எக்ஸ்ரே படத்தை, அந்த ஆள் நமக்கு எதிரே நம்மைப் பார்த்து நிக்கிற மாதிரி மாட்டுவாங்க. அவரோட வலது நமக்கு இடது. ஆக, நான் ஃபோனில் சொன்ன முதல் வார்த்தையே தப்பு. அந்த எழுத்து கண்ணாடியில் தெரியற மாதிரி திரும்பி இருந்தா, ஃபிலிமையே பின்பக்கமா பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ரெண்டாவது, எது கறுப்பு, எது வெள்ளை. எக்ஸ் கதிர் உடம்பு வழியா போய் மறுபக்கம் விழுது. வழியில் எதுவும் தடுக்கலன்னா அந்த இடம் கறுப்பு. காத்து தடுக்காது, அதனால நுரையீரல் கறுப்பு. கொழுப்பு கொஞ்சம் தடுக்கும், அது அடர் சாம்பல். சதை, ரத்தம், தண்ணி எல்லாம் இன்னும் வெளுத்த சாம்பல். எலும்பு வெள்ளை. இரும்பு, தங்கம் பளீர் வெள்ளை. நெஞ்சு எக்ஸ்ரேவில் மொத்தம் இந்த அஞ்சு நிறம்தான். சதையும் ரத்தமும் தண்ணியும் ஒரே நிறம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

மூணாவது, படம் சரியா எடுத்திருக்கா. பெரியப்பா மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சாரான்னு பார்க்க, முதுகுப் பக்கமா வர்ற விலா எலும்புகளை மேலிருந்து எண்ணச் சொன்னார். உதரவிதானத்துக்கு மேல ஒன்பது, பத்து தெரிஞ்சா போதும். எனக்குப் பத்து வந்தது. ஏழு எட்டுதான் தெரியுதுன்னா மூச்சு பாதிதான் இழுத்திருக்கார். அப்போ நுரையீரலின் அடிப்பக்கம் நெருங்கி வெளுப்பா தெரியும், இதயமும் அகலமா தெரியும், வியாதி இல்லாமலே. அப்புறம் ரெண்டு காறை எலும்பின் உள்முனைகளும் நடு முதுகெலும்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கான்னு பார்க்கணும். இல்லன்னா ஆள் லேசா திரும்பி நின்னிருக்கார், ஒரு பக்கம் இன்னொண்ணை விடக் கறுப்பா தெரியும்.

இதெல்லாம் சரி பார்த்த பிறகுதான் நான் பேச ஆரம்பிச்சேன். இந்த தடவை வார்த்தைகள் சின்னதா வந்தது.

"வலது பக்கம் மேல, காறை எலும்புக்குப் பின்னாடி, வெள்ளையா ஒண்ணு தெரியுது. திட்டு மாதிரி இல்ல, கோடு கோடா இருக்கு. அதுல சுண்ணாம்பு வெச்ச மாதிரி ரெண்டு மூணு புள்ளி. இடது பக்கம் அதே இடத்துல அப்படி இல்ல."

"வேற?"

"மூச்சுக்குழாய் நடுவுல கறுப்பா இறங்குது. ஆனா நேரா இல்ல. லேசா வலது பக்கம் சாஞ்சிருக்கு."

"நல்லா பார்த்தே. அது தள்ளப்பட்டிருக்கா, இழுக்கப்பட்டிருக்கா?"

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு பக்கம் நிறைய தண்ணி கோத்தா, அது நடுவில் இருக்கறதை எதிர்ப்பக்கம் தள்ளும். ஒரு பக்கம் தழும்பாகிச் சுருங்கினா, தன் பக்கம் இழுக்கும். தைச்ச துணி சுருக்கம் விழுந்து பக்கத்துத் துணியை இழுக்கிற மாதிரி. இங்கே கோடு இருக்கிற பக்கத்துக்கே குழாய் சாஞ்சிருக்கு. "இழுக்கப்பட்டிருக்கு"ன்னு சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"அந்தக் கீழ் ஒபாசிட்டி எங்கே?"

தேடினேன். இல்ல. நிஜமாவே இல்ல. ரெண்டு பக்கமும் கீழ்மூலைகள் கத்தி முனை மாதிரி கூரா, கறுப்பா இருந்தது. ஃபோனை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன், அதில் வெள்ளையா ஒரு பட்டை இருந்தது. டாக்டர் பார்த்துட்டு சிரிச்சார். "இது உங்க வீட்டு ட்யூப்லைட், தம்பி."

ஃபிலிமில் வெள்ளைன்னா என்ன? வெளிச்சம் அதிகமா ஊடுருவி வர்ற இடம். பின்னாடி ட்யூப்லைட் ஒரு பட்டையா இருந்தா, அந்தப் பட்டைக்கு நேரா இருக்கிற பகுதி மட்டும் போட்டோவில் வெளுத்துப் போகும். விளக்குப் பெட்டியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம், அதனால அந்தப் பட்டை காணாம போச்சு. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. ஃபிலிமை ஒரு ஜாண் நகர்த்தி இன்னொரு படம் எடுங்க. வெள்ளை ஃபிலிமோடயே நகர்ந்தா அது ஃபிலிமில் இருக்கு. அது இருந்த இடத்திலேயே நின்னுட்டா அது விளக்கு.

பெருசான இதயமும் அப்படித்தான் சுருங்கிப் போச்சு. இதயத்தின் அகலத்தை நெஞ்சுக்கூட்டின் உள் அகலத்தால் வகுத்தா, நின்னுகிட்டு முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுத்த படத்தில், பெரியவங்களுக்குப் பாதிக்குள்ள இருக்கணும். ராத்திரி நான் ஃபோன் திரையில் ஸ்கேல் வெச்சே அளந்திருந்தேன்: இதயம் 3.1 செ.மீ, நெஞ்சு 5.9 செ.மீ. வகுத்தா 0.53. பாதிக்கு மேல! டாக்டர் ஃபிலிமிலேயே அளந்தார்: 14.2-ஐ 29.6-ஆல் வகுத்தா 0.48. ஒரே படம், எப்படி ரெண்டு விடை? அண்ணி ரெண்டு கையால் பிடிச்சப்போ ஃபிலிம் வில் மாதிரி வளைஞ்சிருக்கு. வளைஞ்சா ஓரங்கள் கேமராவுக்குக் குறுகித் தெரியும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். நெஞ்சின் அகலம் ஓரம் வரைக்கும் போகுது, இதயம் நடுவில் இருக்கு. வகுக்கிற எண் சுருங்கினதால விடை பெருசாச்சு. இதில் நானே கத்துக்கொடுத்திருக்க வேண்டியவன், ப்ரொஜெக்ஷன் ஜியாமெட்ரி எழுதி பாஸானவன்.

இன்னொரு இழப்பும் உண்டு, அது நம்ம சிலபஸிலேயே இருக்கு. டிஜிட்டல் எக்ஸ்ரே கருவி பொதுவா ஒரு புள்ளிக்கு 12 பிட் அளவில் பதியும், அதாவது 4096 சாம்பல் படிகள். ஃபோன் எடுக்கிற சாதாரண போட்டோவில் 8 பிட், 256 படிகள். அதுக்கு மேல ஃபோன் தானாவே வெளிச்சத்தை ஏத்தி இறக்கும், வாட்ஸ்அப் இன்னும் சுருக்கும். இதயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற மெல்லிய நிழல் மாதிரி விஷயங்கள் அந்தப் படிகளுக்கு நடுவில்தான் இருக்கும். அதெல்லாம் காணாம போனா காணாம போனதுதான். ஃபோனில் பிரைட்னெஸ் கூட்டினா திரும்பி வராது.

சரி, பொய்யானது ரெண்டும் போச்சு. உண்மையில் இருந்த ஒண்ணு மட்டும் பாக்கி: வலது மேல்பக்கக் கோடுகள். அது என்ன?

இங்கேதான் டாக்டர் அந்த அஞ்சு நிறத்தை ஞாபகப்படுத்தினார். சளி நிரம்பினாலும் அந்த வெளுத்த சாம்பல். ரத்தம் கசிஞ்சாலும் அதே. கட்டி வந்தாலும் அதே. பழைய தழும்பும் ஏறக்குறைய அதே. கதிருக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, எவ்வளவு தடுக்கப்பட்டேன் என்பது. எதனால் தடுக்கப்பட்டேன்னு அதுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு முன்பக்கம், பின்பக்கம், தோல், சட்டைப் பொத்தான் எல்லாத்தையும் ஒரே தாளில் அழுத்தி வெச்ச படம் இது. மார்புக்காம்பு வட்டமா ஒரு கட்டி மாதிரி தெரியும். தோளில் விழுந்த பின்னல் ஜடை நுரையீரல் உச்சியில் நோய் மாதிரி தெரியும். அதனால ஒரு படத்தை மட்டும் பார்த்து அவரே பேர் வைக்க மாட்டாராம். "படம் ஒரு கேள்வி கேக்குது, அவ்வளவுதான். பதில் வேற இடத்துல இருக்கு" என்றார்.

அப்புறம் பெரியப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, முன்னாடி எப்பவாவது நெஞ்சுல ஏதாவது வந்து மருந்து சாப்பிட்டீங்களா?"

ரூமில் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பெரியம்மா தரையைப் பார்த்தாங்க. பெரியப்பாதான் சொன்னார். "ஆமாங்க. தொண்ணூத்தெட்டுல. ஆறு மாசம் மாத்திரை முழுசா சாப்பிட்டேன். வீட்ல பசங்களுக்குத் தெரியாது."

அண்ணனுக்கு அது புதுசு. நான் அப்போ பிறக்கவே இல்ல. இருபது வருஷத்துக்கு மேலா அவங்க ரெண்டு பேரும் மட்டும் மூடி வெச்சிருந்த வார்த்தையை, நான் ஸ்பீக்கரில் வெச்சு, வீட்டுக்கு நடுவில் போட்டு உடைச்சிருக்கேன். பெரியம்மா ஏன் அந்த ராத்திரியே டம்ளரைப் பிரிச்சாங்கன்னு அப்போதான் புரிஞ்சுது. அவங்களுக்கு அது பழகின பயம்.

"அந்தப் பழைய படம் இருக்கா?" டாக்டர் கேட்டார். பீரோவில் இருந்தது. கல்யாணப் பட்டுக்கு அடியில், பழுப்புக் கவரில். அண்ணன் பைக்கில் போய் எடுத்துட்டு வந்தான். ரெண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். அதே இடம். அதே கோடுகள். அதே சுண்ணாம்புப் புள்ளிகள். மூச்சுக்குழாயும் அதே சாய்வு. இத்தனை வருஷத்தில் அது வளரவும் இல்ல, தேயவும் இல்ல. ஒரே படமா பார்த்தா ஆறின தழும்பையும் உயிரோட இருக்கிற நோயையும் நிச்சயமா பிரிக்க முடியாது. ரெண்டு படத்துக்கு நடுவில் இருக்கிற காலம்தான் பிரிச்சுக் காட்டுது. உங்க வீட்டில் பழைய எக்ஸ்ரே இருந்தா தயவுசெஞ்சு தூக்கிப் போடாதீங்க.

அப்படியும் அவர் "இல்ல"ன்னு முடிக்கல. ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வரலாம் என்பதால் ரெண்டு சளி மாதிரி கேட்டார். கிருமியைக் கண்ணால தேடுற சோதனை ஒண்ணு, வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் ஒண்ணு. கல்ச்சர் ஏன்னா, முன்னாடி நோய் வந்தவங்களுக்கு மரபணுவைத் தேடுற வேகமான சோதனையில் சில சமயம் செத்த கிருமியின் மிச்சம் கூட சிக்கிடும். உயிரோட இருந்தாத்தான் கல்ச்சரில் வளரும். அதுக்கு ஆறு வாரம் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் இருமும்போது வாயைத் துணியால் மூடினா போதும், ஜன்னலைத் திறந்து வைங்க, இது காத்து வழியா பரவுறது, டம்ளரைப் பிரிச்சு எந்தப் பிரயோஜனமும் இல்லன்னு பெரியம்மாகிட்ட தனியா சொன்னார்.

கடைசியா கேட்ட கேள்விதான் விடையா மாறுச்சு. "இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" பெரியப்பா சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்தார். பி.பி. மாத்திரை. பேர் எனலாப்ரில். எப்போதிலிருந்து? மூணு மாசமா. இருமல் எப்போதிலிருந்து? ரெண்டு மாசமா. சளி வருதா? இல்ல, வறட்டு இருமல், தொண்டையில் ஊறுற மாதிரி. காய்ச்சல்? இல்ல. எடை? குறையல.

அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும். மருத்துவத்தில் எல்லாருக்கும் தெரிஞ்ச பக்க விளைவு அது. எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. நான் அந்தப் படத்தை ஒரு வருஷம் பெருசாக்கிப் பார்த்திருந்தாலும் கிடைச்சிருக்காது, ஏன்னா அது படத்திலேயே இல்ல, சட்டைப் பையில் இருந்தது. டாக்டர் மாத்திரையை வேற வகைக்கு மாத்திக் கொடுத்தார். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, பி.பி. ஏறிடும்னும் சொன்னார்.

வெளியே வரும்போது பெரியப்பா என் தோளில் கை போட்டார். "டேய், போட்டோல புடவையைப் பார்த்தா என்ன சொல்லுவ? அரக்குக் கலரு, பச்ச பார்டரு, பார்டர்ல மயில் போட்டிருக்கு. அவ்வளவு சொல்லலாம். ஜரிகை அசலான்னு சொல்லுவியா? உரசிப் பார்க்கணும். உள்ள செகப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்க்கணும்." அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லல. நானும் பதில் பேசல.

இதைப் படிச்சுட்டு, "அப்போ ஸ்பெஷலிஸ்ட் பார்த்தா தப்பே வராதா?"ன்னு நீங்க கேக்கலாம். வரும். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் யெருஷால்மி, கார்லண்ட் போன்றவங்க இதையே சோதிச்சாங்க. அனுபவமுள்ளவங்களுக்கே ஒரே நெஞ்சுப் படங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. நோய் அறிகுறி இருந்த படங்களில் சுமார் மூணில் ஒரு பங்கில் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் ஒத்துக்கல. அதே ஆளுக்கு அதே படங்களைத் திரும்பக் கொடுத்தா, சுமார் அஞ்சில் ஒரு பங்கில் அவர் தன் முதல் முடிவோடவே முரண்பட்டார்.

அதுக்கு மருத்துவம் கண்டுபிடிச்ச வழியை நம்ம ஊர்ப் பக்கமே பார்க்கலாம். காஞ்சிபுரம் அப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கிச்சு. ரெண்டரை லட்சம் பேருக்கு மேல கலந்துக்கிட்ட பெரிய ஆய்வு. கிராமம் கிராமமா போய், பத்து வயசுக்கு மேல உள்ளவங்களுக்குச் சின்ன ஃபிலிமில் நெஞ்சுப் படம் எடுத்தாங்க. ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பேர் தனித்தனியா படிச்சாங்க, ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்குத் தெரியாம. படத்தில் சந்தேகம்னா அத்தோட பேர் எழுதிடல, சளி வாங்கிச் சோதிச்சாங்க. படம் யாரைச் சோதிக்கணும்னு காட்டுச்சு. நோய் இருக்கா இல்லையாங்கிறதைச் சளி சொல்லுச்சு.

ஸ்பெஷலிஸ்ட்கிட்ட நம்மை விடக் கூர்மையான கண் இருக்கு, சந்தேகமே இல்ல. ஆனா நான் அன்னைக்குப் பார்த்த வித்தியாசம் கண்ணில் மட்டும் இல்ல. தன் கண் எவ்வளவு தப்பும்னு அவருக்குத் தெரியும். அதனால பழைய படம் கேக்கிறார், மாத்திரைப் பட்டை கேக்கிறார், சளி கேக்கிறார், முதுகில் ஸ்டெத் வெச்சுக் கேக்கிறார். என்கிட்ட ஒரு போட்டோவும் ஒரு பேரும்தான் இருந்தது.

கதையின் மீதி: முதல் சளி சோதனையில் கிருமி இல்ல. மாத்திரை மாத்தின மூணாவது வாரம் இருமல் குறைஞ்சு, அப்புறம் நின்னு போச்சு. ஆறாவது வாரம் கல்ச்சரிலும் எதுவும் வளரல. பக்கத்து வீட்டு அக்கா முதல் ரிசல்ட் வந்த மறுநாளே வந்துட்டாங்க. ஆனா புடவை ஒன்பது நாள் தள்ளிப் போச்சு, முகூர்த்தத்துக்குக் கொடுக்க முடியல. அந்தக் கூலியில் ஒரு பகுதி போச்சு. நான் அரை மணி நேரத்தில் சொன்ன ஒரு வார்த்தையின் விலை அது.

இப்போ அதே போட்டோ வந்தா நான் எழுதுற பதில் இப்படி இருக்கும்:

"அண்ணா, வலது பக்கம் மேல கோடு கோடா வெள்ளையா தெரியுது, இடது பக்கம் அப்படி இல்ல. மூச்சுக்குழாய் லேசா வலது பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கு. கீழ ஒரு வெள்ளைப் பட்டை இருக்கு, அது ட்யூப்லைட்டான்னு தெரியல. ஃபிலிம் வளைஞ்சிருக்கு, அதனால அளவு எதையும் நம்ப முடியாது. இது என்னன்னு என்னால சொல்ல முடியாது. திங்கட்கிழமை போகும்போது ஃபிலிமையே எடுத்துட்டுப் போ, பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும், அவர் சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. நடுவுல மூச்சு வாங்கினாலோ, சளியில ரத்தம் வந்தாலோ திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காத."

எந்தப் பக்கம், எந்த இடம், எந்த நிறம், எந்த வடிவம், எதிர்ப்பக்கம் எப்படி. இவ்வளவுதான் ஒரு போட்டோவிலிருந்து நேர்மையா சொல்ல முடியும். "ஏன்னா"ன்னு ஆரம்பிக்கிற வாக்கியம் வாயில் வரும்போது நிறுத்திடணும். பெரியம்மாவுக்குப் புரியற தமிழில் சொல்லிப் பாருங்க, எங்கே நிறுத்தணும்னு தானாவே தெரிஞ்சுடும்.

பழைய படமும் புதுப் படமும் இப்போ ஒரே பழுப்புக் கவரில் இருக்கு. பீரோவில் அடியில் இல்ல, மேல் தட்டில். கவர் மேல அண்ணன் மார்க்கரில் எழுதி வெச்சிருக்கான்: "அப்பா நெஞ்சு. அடுத்த தடவை டாக்டருக்கு."